ஆளுக்கொரு காசு, ஊருக்கொரு காசு: சின்னக் கூட்டம் எப்படி அழிகிறது என்று சிமுலேஷனில் பார்ப்போம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு இருக்கிறது. ஹீத் ஹென் என்ற காட்டுக்கோழி கடைசியாக வாழ்ந்த இடம் அதுதான். கண்டத்து நிலப்பகுதியில் இருந்ததையெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டுத் தின்று தீர்த்துவிட்டார்கள். 1908இல் தீவில் அதற்கென்று ஒரு காப்பிடம் ஒதுக்கினார்கள். அப்போது இருந்தவை சுமார் 50 பறவைகள். வேட்டை நின்றதும் கூட்டம் கிடுகிடுவென்று பெருகி, 1916 வாக்கில் ஏறத்தாழ 2000 ஆனது.

அந்த ஆண்டு, சரியாக அடைகாக்கும் பருவத்தில், காப்பிடத்தில் தீப்பிடித்தது. தொடர்ந்து கடுங்குளிர். அந்தக் குளிர்காலத்தில் கோஷாக் என்ற வேட்டைப் பருந்துகள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாக வந்து இறங்கின. 1920 வாக்கில் வளர்ப்பு வான்கோழிகளிடமிருந்து ஒரு நோய் தொற்றியது. 1927இல் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியவை 13. அதில் 11 ஆண், பெண் இரண்டே இரண்டு. 1928 முடிவதற்குள் ஒரே ஒரு சேவல்தான் இருந்தது. அதையும் 1932 மார்ச் 11க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கதையில் துரதிர்ஷ்டம் இரண்டு வகையாக வருகிறது. தீ, குளிர், நோய் எல்லாம் ஒரு வகை: கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் அடிப்பவை. இரண்டு பெட்டைகள் மட்டுமே இருக்கும்போது அவற்றில் ஒன்றை ஒரு பூனை பிடித்துவிடுவது இன்னொரு வகை. முதலாவதைச் சூழல் தற்செயல் என்கிறோம். இரண்டாவதைப் பிறப்பு–இறப்புத் தற்செயல் என்கிறோம். பெயர் வாயில் நுழையாவிட்டால் ‘ஊருக்கொரு காசு’, ‘ஆளுக்கொரு காசு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று இதோ பார்க்கலாம்.

காசும் காகிதமும்

கணினியைத் திறக்கும் முன் சில்லறையை எடுங்கள். உங்களிடம் எட்டுப் பறவைகள் இருக்கின்றன. விதி இதுதான்: தலை விழுந்தால் அந்தப் பறவை அடுத்த ஆண்டுக்கு இரண்டாகும் (தானும் ஒரு குஞ்சும்). பூ விழுந்தால் செத்துப்போகும், எதையும் விட்டுப் போகாது.

முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு பறவைக்கும் தனியாகச் சுண்டுங்கள். எட்டு முறை சுண்டினால் நாலு தலை விழலாம், மூன்று விழலாம், ஐந்து விழலாம். அடுத்த ஆண்டு எட்டு, ஆறு, பத்து என்று வரும். எட்டும் பூவாக விழுந்து கூட்டமே காலியாக 256இல் ஒரு வாய்ப்புதான்.

இரண்டாம் ஆட்டத்தில் எல்லாப் பறவைக்கும் சேர்த்து ஒரே முறை சுண்டுங்கள். தலை என்றால் 16, பூ என்றால் பூஜ்யம். கூட்டம் காலியாக இரண்டில் ஒரு வாய்ப்பு.

இரண்டு ஆட்டத்திலும் அடுத்த ஆண்டின் சராசரி எட்டுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பறவைக்கும் பிழைக்கும் வாய்ப்பும் பாதிதான். மாறியது ஒன்றே ஒன்று: காசை யாருக்காகச் சுண்டினோம் என்பது. இப்போது எட்டை எண்பதாக்கிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் எண்பது காசும் பூவாக விழுவது கற்பனைக்கும் எட்டாத அபூர்வம். இரண்டாம் ஆட்டத்தில் எண்பது இருந்தாலும் எண்பதாயிரம் இருந்தாலும் அழிவு வாய்ப்பு அதே பாதி. கூட்டம் பெருகப் பெருக ஆளுக்கொரு காசின் ஆட்டம் அடங்கிவிடும். ஊருக்கொரு காசு அடங்காது.

கணினியில் அதே ஆட்டம்

‘ஒன்று இரண்டாகும் அல்லது சாகும்’ என்பது முரட்டு விதி. இதைக் கொஞ்சம் இயல்பாக்கலாம். ஒரு பறவை அடுத்த ஆண்டுக்கு 0, 1, 2, 3 என்று எத்தனையை வேண்டுமானாலும் விட்டுப் போகலாம். உயிரோடு இருந்தால் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும். சராசரி 1.05. இந்த எண்களை எடுக்கப் பாய்சான் பரவலைப் பயன்படுத்துவோம். சராசரி 1.05 என்றால் ஒரு பறவை ஒன்றுமே விட்டுப் போகாத வாய்ப்பு 35 விழுக்காடு. பாய்சானில் ஒரு வசதி உண்டு. நூறு பறவைகளுக்கு நூறு முறை எடுத்துக் கூட்டுவதும், சராசரியை நூறால் பெருக்கி ஒரே முறை எடுப்பதும் ஒன்றுதான். அதனால் நிரல் குட்டியாகிவிடும்.

சூழலுக்கு ஒரு காசு: நல்ல ஆண்டு என்றால் சராசரி 1.5, கெட்ட ஆண்டு என்றால் 0.6. இரண்டுக்கும் சம வாய்ப்பு. கூட்டிப் பாதியாக்கினால் இங்கேயும் 1.05 வரும்.

இந்த 1.5, 0.6 இரண்டையும் நான் வானத்திலிருந்து பறிக்கவில்லை. ஹீத் ஹென் எட்டு ஆண்டுகளில் 50லிருந்து 2000க்குப் போனது என்றால் ஆண்டுக்குச் சுமார் 1.59 மடங்கு. 1916இல் இருந்த 2000, 1927இல் 13 ஆனது என்றால் ஆண்டுக்குச் சுமார் 0.63 மடங்கு. இடையில் ஏற்ற இறக்கம் இருந்தது, அது வேறு கதை. எண்ணிக்கைகளும் அந்தக் காலத்து மதிப்பீடுகள். ஆனாலும் விளையாடிப் பார்க்க இந்த எண்கள் போதும்.

கணினியில் பைத்தானும் numpy-யும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் கூகுள் கோலேப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)

def azhivu(n0, nalla, ketta, aandu=50, murai=10000):
    n = np.full(murai, n0)
    for _ in range(aandu):
        r = np.where(rng.random(murai) < 0.5, nalla, ketta)
        n = rng.poisson(n * r)
    return (n == 0).mean()

for n0 in (10, 100, 1000):
    print(n0, azhivu(n0, 1.05, 1.05), azhivu(n0, 1.5, 0.6))
```

`murai` என்பது பத்தாயிரம் தனித் தீவுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் `n0` பறவைகளோடு தொடங்கி 50 ஆண்டுகள் ஓட்டுகிறோம். கடைசியில் எத்தனை தீவுகள் காலி என்று பார்க்கிறோம். முதல் அழைப்பில் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் ஒரே 1.05. அதாவது சூழல் அசையவே இல்லை, ஆளுக்கொரு காசு மட்டும்தான். இரண்டாவதில் இரண்டு காசும் சேர்ந்து விழுகின்றன.

`n0`ஐ அடுத்து வரும் முதல் நெடுவரிசையில் 10 பறவைகளுக்கு 0.34 ஒட்டி வரும். மூன்றில் ஒரு தீவு காலி. 100 பறவைகளுக்குப் பூஜ்யம் வரும். பத்தாயிரம் தீவில் ஒன்று கூட அழியாமல் போகலாம், இல்லாவிட்டால் ஒன்றோ இரண்டோ அழியும். 1000க்கும் பூஜ்யம்தான்.

இரண்டாம் நெடுவரிசை வேறு உலகம். 10 பறவைகளோடு தொடங்கிய தீவுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் காலி. 100இல் தொடங்கினால் ஏறத்தாழ பாதி காலி. 1000இல் தொடங்கினாலும் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ போய்விடும். கூட்டத்தைப் பத்து மடங்காக்கியபோது முதல் நெடுவரிசையில் ஆபத்து இருந்த இடம் தெரியாமல் போனது. இரண்டாவதில் ஏதோ பேரம் பேசினாற்போலக் கொஞ்சம் இறங்கி வந்தது, அவ்வளவுதான்.

சராசரி 1.05 என்றால் வளர வேண்டாமா?

இதைப் பார்த்ததும் யாருக்கும் வரும் சந்தேகம் இது. ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வளர்கிற கூட்டம் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறது?

நூறு பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல ஆண்டு, 150 ஆகிறது. அடுத்து ஒரு கெட்ட ஆண்டு, 150இல் 0.6 பங்கு, 90. வரிசையை மாற்றினாலும் 60, அப்புறம் 90. ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சேர்ந்தால் பத்து விழுக்காடு நட்டம். ஐம்பது ஆண்டில் இருபத்தைந்து நல்லது, இருபத்தைந்து கெட்டது என்று சரிபாதியாக வந்தால் நூறு ஏழாகிவிடும்.

அப்படியென்றால் சராசரி 1.05 பொய்யா? இல்லை. பத்தாயிரம் தீவுகளையும் கூட்டி வகுத்தால் அது வரத்தான் செய்யும். ஆனால் நல்ல ஆண்டுகள் அதிகமாக வாய்த்த ஒரு சில தீவுகளில் கோழிகள் லட்சக்கணக்கில் கொழித்து, அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கும். பெரும்பாலான தீவுகள் காலியாகவோ ஒற்றை எண்ணிலோதான் கிடக்கும். `azhivu`க்குள் `return` வரிக்கு முன்னால் `n.mean()`, `np.median(n)` இரண்டையும் அச்சிட்டால் இந்த இடைவெளி கண்ணில் அறையும். வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு பெருக்கலாக நடப்பதால், நடுவிலிருக்கும் தீவின் போக்கைச் சொல்வது பெருக்கல் சராசரி. 1.5ஐயும் 0.6ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.95. அது ஒன்றுக்குக் கீழே.

காட்டு விலங்குகளைப் பற்றிய அறிக்கைகளில் ‘சராசரி வளர்ச்சி விகிதம்’ என்று ஒரு எண்ணைப் பார்த்தால், அது கூட்டி வகுத்ததா, பெருக்கி எடுத்ததா என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

எந்தக் காசு எப்போது பெரிது

இனி ஒரே ஓர் ஆண்டை மட்டும் பார்ப்போம். கூட்டம் எத்தனை மடங்கு ஆனது என்ற எண் தீவுக்குத் தீவு எவ்வளவு சிதறுகிறது?

```python
for n0 in (10, 100, 1000, 10000):
    aalukku = rng.poisson(n0 * 1.05, 10000) / n0
    r = np.where(rng.random(10000) < 0.5, 1.5, 0.6)
    serthu = rng.poisson(n0 * r) / n0
    print(n0, aalukku.std().round(3), serthu.std().round(3))
```

ஆளுக்கொரு காசின் சிதறல் 0.32, 0.10, 0.03, 0.01 என்று இறங்கும். நூறு மடங்கு பறவைக்குப் பத்தில் ஒரு பங்கு சிதறல். சேர்த்துப் போட்டதில் 0.55, 0.46, 0.45, 0.45. அது 0.45இல் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்குக் கீழே இறங்காது. அந்த 0.45 வேறொன்றுமில்லை, 1.05க்கும் 1.5க்கும் உள்ள தூரம்.

இரண்டும் எங்கே சமமாகும் என்றும் கணக்குப் போடலாம். சிதறலின் வர்க்கத்தில் ஆளுக்கொரு காசின் பங்கு 1.05ஐப் பறவைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. ஊர்க் காசின் பங்கு 0.45இன் வர்க்கம், அதாவது 0.2025. 1.05ஐ 0.2025ஆல் வகுத்தால் ஐந்து சொச்சம். நம் தீவில் பறவைகள் ஐந்தாறுக்குக் கீழே போனால்தான் தனித்தனி அதிர்ஷ்டம் வானிலையை மிஞ்சும். சூழல் இவ்வளவு முரட்டுத்தனமாக இல்லாமல் 1.3, 0.8 என்று மாறினால் அந்த எல்லை பதினேழுக்கு ஏறும்.

இதிலிருந்து சிலர் ‘சரி, அப்படியென்றால் ஆளுக்கொரு காசைக் கண்டுகொள்ள வேண்டாம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. சூழல் கூட்டத்தைக் கீழே தள்ளுகிறது. ஐந்துக்கும் ஆறுக்கும் வந்த பிறகு கதையை முடிப்பது ஆளுக்கொரு காசு. நம் நிரலில் சூழல் மட்டும் இருந்தால் எந்தக் கூட்டமும் சரியாகப் பூஜ்யத்தைத் தொடாது. 0.6ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் ஏதோ ஒரு பின்னம் மிஞ்சும். ஹீத் ஹென்னை 2000லிருந்து 13க்குக் கொண்டுவந்தது ஒரு காசு, 13லிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்ததில் மற்றக் காசுக்கும் பங்கு உண்டு.

இரண்டு பெட்டைகள்

பதின்மூன்றை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிறக்கும்போது ஆணா பெண்ணா என்பதும் ஆளுக்கொரு காசுதான். நியாயமான காசைப் பதின்மூன்று முறை சுண்டி, பெண் இரண்டு அல்லது அதற்கும் குறைவாக வரும் வாய்ப்பு எவ்வளவு? பெண்ணே வராத வழி 1, ஒன்று வரும் வழிகள் 13, இரண்டு வரும் வழிகள் 78. ஆக 92. மொத்த வழிகள் 8192. தொண்ணூறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறில் ஒன்று நடக்கவே நடக்காது என்பதற்கில்லை. ஆனாலும் எனக்கு இங்கே வெறும் அதிர்ஷ்டத்தின் மேல் மட்டும் பழி போட மனம் வரவில்லை. இந்தப் பறவை தரையில் கூடு வைக்கும், அடைகாப்பது பெட்டை மட்டும். தீ வந்தாலும் வேட்டை விலங்கு வந்தாலும் முட்டைமேல் உட்கார்ந்திருப்பவள்தான் முதலில் மாட்டுவாள். ஆக, பாலின விகிதம் கோணிப்போனதில் ஊர்க் காசின் கையும் இருக்கலாம். இரண்டு வகைத் தற்செயலும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம். காட்டில் அப்படி இல்லை.

எப்படி வந்திருந்தாலும், வந்த பிறகு கணக்கு எளிது. சேவல் ஒன்று பல பெட்டைகளோடு சேரும் இனம் இது, அதனால் பெட்டைகளை மட்டும் எண்ணினால் போதும். ஒவ்வொரு பெட்டையும் சராசரி 1.05 பெட்டைகளை விட்டுப் போகிறது என்று வைத்து, சூழலை அசையாமல் நிறுத்தி, `azhivu(2, 1.05, 1.05)` என்று ஓட்டுங்கள். ஐம்பது ஆண்டுக்குள் அழியும் வாய்ப்பு 0.81 ஒட்டி வரும். அதே பதின்மூன்றில் ஆறு பெட்டைகள் இருந்திருந்தால்? `azhivu(6, 1.05, 1.05)` போட்டால் 0.53. தலையை எண்ணினால் இரண்டும் பதின்மூன்றுதான். கணக்கெடுப்பில் வெறும் மொத்தத்தை மட்டும் கொடுத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஃபுளோரிடாவில் டஸ்கி என்ற கடலோரச் சிட்டுக்குருவிக்கும் இதே கதிதான். கடைசியாகப் பிடித்துப் பாதுகாத்தவை அத்தனையும் ஆண். அவற்றில் கடைசிக் குருவி 1987இல் கூண்டில் செத்தது.

எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

நான் முதன்முதலில் இந்த மாதிரி நிரல் எழுதியபோது `rng.random(murai)` என்பதற்குப் பதில் `rng.random()` என்று எழுதிவிட்டேன். அடைப்புக்குள் ஒரு சொல் குறைந்தது, அவ்வளவுதான். நிரல் பிழை எதுவும் சொல்லவில்லை, ஓடியது, விடையும் தந்தது. ஒரு முறை 0.02, மறுமுறை 0.97. இரண்டு நாள் பாய்சானைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், பத்தாயிரம் தீவுகளுக்கும் ஒரே வானிலை. ஒரு தீவைப் பத்தாயிரம் பிரதி எடுத்ததுபோல. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: `default_rng(7)` என்பதில் 7ஐ 8, 9 என்று மாற்றி ஓட்டுங்கள். விடை இரண்டாவது தசமத்தில் ஆடினால் பரவாயில்லை. முதல் தசமத்திலேயே குதித்தால் காசு தவறான இடத்தில் விழுகிறது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வானிலையை ஒவ்வொரு பறவைக்கும் தனியாக எடுத்துவிடுவது. ஒரு பறவைக்கு நல்ல ஆண்டு, பக்கத்துப் புதரில் இருக்கும் பறவைக்குக் கெட்ட ஆண்டு. நிரலில் ‘சூழல்’ என்று பெயர் வைத்திருப்பீர்கள், ஆனால் உள்ளே நடப்பது ஆளுக்கொரு காசு. விடை குதிக்காது, நிதானமாக இருக்கும், ஆபத்து மட்டும் குறைவாகத் தெரியும். அதனால் இதுதான் இரண்டில் மோசமான தவறு. இதைப் பிடிக்கத்தான் மேலே சிதறல் சோதனையைப் போட்டேன். `n0`ஐ ஏற்றிக்கொண்டே போகும்போது சிதறல் ஓரிடத்தில் நின்றால் சூழல் உள்ளே இருக்கிறது. இறங்கிக்கொண்டே போனால் இல்லை.

மூன்றாவது, பாய்சான் எடுக்காமல் `n = n * r` என்று எழுதிவிட்டு அழிவைத் தேடுவது. அப்போது 0.3 கோழி உயிரோடு இருக்கும். இரண்டு நல்ல ஆண்டு வந்தால் அது மூன்றில் இரண்டு பங்கு கோழியாகும், மெல்ல மெல்ல மறுபடி நூறாகும். காட்டில் அரைக்கோழி குஞ்சு பொரிப்பதில்லை.

கெட்ட ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்

நம் காசுக்கு ஞாபகம் கிடையாது. போன ஆண்டு கெட்டது என்பதால் இந்த ஆண்டு கெட்டதாக இருக்க அதற்குக் காரணமில்லை. மார்த்தாஸ் வின்யார்டில் அப்படியா நடந்தது? 1916 வரை நல்ல காலம் தொடர்ந்து வந்தது. அதன் பிறகு தீ, குளிர், பருந்து, நோய் என்று அடிமேல் அடி. தீ மறைவிடத்தை எரித்தால் பருந்துக்கு வேட்டை எளிது. ஒரு கெட்டது அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது.

இதை நிரலில் சேர்க்க ஒரு சின்ன மாற்றம் போதும். ஆண்டின் வகை பெரும்பாலும் அப்படியே தொடரட்டும், ஐந்தில் ஒரு வாய்ப்பில் மட்டும் மாறட்டும்:

```python
    nalla_kaalam = rng.random(murai) < 0.5
    for _ in range(aandu):
        nalla_kaalam ^= rng.random(murai) < 0.2
        r = np.where(nalla_kaalam, nalla, ketta)
        n = rng.poisson(n * r)
```

நீண்ட காலத்தில் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் இப்போதும் பாதிப் பாதிதான். ஆனால் கெட்ட காலம் வந்தால் சராசரியாக ஐந்து ஆண்டு இருந்துவிட்டுப் போகும். 0.6ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.08க்குக் கீழே. நூறு பறவை எட்டுக்குக் கீழே வந்துவிடும். 1000 பறவைகளோடு பழைய நிரலையும் இதையும் ஓட்டி ஒப்பிடுங்கள், ஆபத்து நன்றாகவே ஏறியிருக்கும்.

தீவுக்கு ஒரு கொள்ளளவும் உண்டு. நம் நிரலில் அதிர்ஷ்டக்காரத் தீவுகளில் கோழிகள் கோடிக்கணக்கில் போகும். உண்மைத் தீவில் இடம் போதாது. பாய்சான் வரிக்குக் கீழே `n = np.minimum(n, 2000)` என்று ஒரு வரி சேர்த்தால் நல்ல ஆண்டுகளில் சேமித்து வைக்க முடியாமல் போகும், ஆபத்து இன்னும் கூடும். இந்த உச்சவரம்பை ஏற்றினால் கூட்டம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை ரஸ்ஸல் லேண்ட் என்ற உயிரியலாளர் 1993இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆளுக்கொரு காசு மட்டும் என்றால், வரம்பு ஏற ஏற ஆயுள் அடுக்கடுக்காகப் பெருகி எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஊர்க் காசும் இருந்தால் ஆயுள் ஏறும், ஆனால் அவ்வளவு வேகத்தில் ஏறாது.

ஒரு தீவா, இரண்டு தீவா

கடைசியாக ஒரு சோதனை, முதலில் எழுதிய பழைய `azhivu`ஐ வைத்தே. நூறு பறவைகளை ஒரே தீவில் வைப்பதா, ஐம்பது ஐம்பதாக இரண்டு தீவில் வைப்பதா? இரண்டு தீவுகளுக்கும் வானிலை தனித்தனி என்றால், இரண்டும் அழியும் வாய்ப்பு என்பது 50இன் அழிவு வாய்ப்பை அதனோடே பெருக்கியது.

```python
a = azhivu(50, 1.05, 1.05, murai=200000)
b = azhivu(100, 1.05, 1.05, murai=200000)
c = azhivu(50, 1.5, 0.6)
d = azhivu(100, 1.5, 0.6)
print(a*a, b)
print(c*c, d)
```

முதல் வரியில் சூழல் அசையவில்லை. ஐம்பதுக்கு 0.005, அதன் வர்க்கம் 0.00002 சொச்சம். நூறுக்கும் அதே 0.00002 சொச்சம்தான். இவ்வளவு சின்ன எண்ணுக்குப் பத்தாயிரம் தீவு போதாது என்பதால்தான் `murai`ஐ ஏற்றினேன். அப்படியும் கடைசி இலக்கம் ஆடும். காரணம் யோசித்தால் புரியும்: ஏற்கெனவே ஆளுக்கொரு காசு, இதில் யார் எந்தத் தீவில் இருந்தால் என்ன? பிரித்ததால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இரண்டாம் வரியில் ஐம்பதுக்குச் சுமார் பத்தில் ஆறு, வர்க்கம் பத்தில் நாலு. ஒரே தீவில் நூறு என்றால் பாதி. இங்கே பிரித்ததால் லாபம் உண்டு, ஏனென்றால் ஊருக்கொரு காசு இரண்டு ஊருக்கு இரண்டாகிவிட்டது. ஹீத் ஹென்களுக்கு இருந்தது ஒரே தீவு, ஒரே காசு. அந்தத் தீ பாதிப் பறவைகளுக்கு எட்டாத தூரத்தில் எரிந்திருக்கலாம் என்ற வாய்ப்பே அங்கே இல்லை.

ஆனால் இந்த லாபத்துக்கு நிபந்தனை இருக்கிறது. இரண்டு தீவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே புயலும் ஒரே நோயும் இரண்டையும் அடித்தால், காசு மறுபடி ஒன்றாகிவிடும், பிரித்த பலன் போய்விடும். பறவைகளை ஐந்து ஐந்தாக இருபது தீவில் இறக்கினாலும் சிக்கல்தான். அப்போது ஒவ்வொரு தீவிலும் ஆணும் பெண்ணும் இருக்குமா என்பதே காசு சுண்டும் விஷயம். நம் நிரல் எல்லாப் பறவைகளையும் பெட்டைகளாக நடத்துவதால் அதைக் காட்டாது. `n`ஐ ஆண், பெண் என்று இரண்டு வரிசையாகப் பிரித்து, ஆண் பூஜ்யமான தீவில் குஞ்சு இல்லை என்று எழுதிப் பாருங்கள். எத்தனைத் தீவு வரை பிரிக்கலாம், எதற்கு மேல் கூடாது என்பது நீங்கள் போடும் 1.5, 0.6ஐப் பொறுத்து மாறுவதை அப்போது பார்க்கலாம்.